அப்பாயின்ட்மென்ட் மெசேஜுக்கு ஏன் பதில் வருவதில்லை: 143 எழுத்தை 117 ஆக்கிய கதை

கேள்வி: சேலம் 5 ரோடு பக்கம் எங்க அக்கா பல் கிளினிக் வைத்திருக்கிறார், முன் டேபிளை நான் பார்த்துக்கொள்கிறேன். சேலம் டவுனில் இருந்தும் ஏற்காடு மேலே இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். பல்க் எஸ்எம்எஸ் பேக்கேஜ் ஒன்று வாங்கி முந்தின நாள் ராத்திரி இப்படி அனுப்புகிறோம்: "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களது அப்பாயின்ட்மென்ட் நாளை காலை 10.30 மணிக்கு உள்ளது. தவறாமல் வரவும். உறுதி செய்யவோ ரத்து செய்யவோ பதில் அளிக்கவும்." ஒருத்தரும் பதில் போடுவதில்லை, பாதி நாள் சேர் காலியாகக் கிடக்கிறது. மெசேஜை எப்படி மாற்றி எழுதலாம்?

பதில்:

மெசேஜை மாற்றி எழுதுவதற்கு முன்னால் ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நாளை ஆட்கள் பட்டியலில் உங்கள் சொந்த நம்பரையும் சேர்த்து அனுப்புங்கள், மெசேஜ் வந்ததும் அதற்கு நீங்களே "வருகிறேன்" என்று பதில் போட்டுப் பாருங்கள். போகாது. பல்க் கம்பெனி வழியாக வரும் மெசேஜில் அனுப்பியவர் இடத்தில் போன் நம்பர் இருக்காது, ஆறு எழுத்து ஹெடர் இருக்கும், முன்னால் இரண்டு எழுத்தும் ஒரு கோடும் சேர்ந்து வரும். அந்த ஹெடருக்குப் பதில் அனுப்பவே முடியாது, அதற்குப் பின்னால் பதிலை வாங்கிக்கொள்ள ஒரு எண் கிடையாது. சில போன்களில் எழுதும் கட்டமே வராது, சிலவற்றில் எழுதி அனுப்பினால் சிவப்பாக "அனுப்பப்படவில்லை" என்று நிற்கும். அதாவது உங்களுக்குப் பதில் போட்டவர்கள் இருந்திருக்கலாம், அவர்கள் சொன்னது உங்களுக்கு வந்து சேரவில்லை. இதில் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் என்னவென்றால், "நாளைக்கு முடியாதுங்க" என்று தட்டிவிட்டு, சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்தவரை நீங்கள் சொல்லாமல் வராதவர் கணக்கில் எழுதியிருப்பீர்கள்.

சேலத்தில் நான் பார்க்கிற சின்ன கிளினிக்குகளில் இதே கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. ரிசப்ஷன், புக்கிங் இந்த மாதிரி ஏற்பாடுகளைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை, அதனால் சொல்கிறேன்: பதில் எந்த எண்ணுக்கு வரும், அதை யார் பார்ப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், வார்த்தை அப்புறம்.

உங்கள் அளவுக்கு, ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் என்றால், கிளினிக் பெயரில் இருக்கும் ஒரு சாதாரண மொபைல் எண்ணே போதும். பெரும்பாலான ரீசார்ஜ் பேக்குகளில் ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் வரை தருகிறார்கள், உங்களுக்கு அது தாராளம். மெசேஜ் நீளமாகி இரண்டு பாகமாகப் போனால் பேக் கணக்கில் இரண்டாகக் குறையும், அப்படியும் தாங்கும். அந்தப் போன் டேபிள் மேலேயே இருக்க வேண்டும், அக்காவின் சொந்தப் போனாக இருக்கக் கூடாது, ஏனென்றால் அவர் ஒருவருக்குப் பல் எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்த பதில் சாயங்காலம் வரை அப்படியே கிடக்கும். அந்த எண்ணில் இருந்து நினைவூட்டலும் பதிலும் தவிர வேறு எதுவும் போகக் கூடாது. ஆடி ஆஃபர், பல் சுத்தத்துக்குத் தள்ளுபடி என்று ஒரு வரி சேர்த்தாலும் அது விளம்பரம் ஆகிவிடும். சாதாரண சிம்மில் இருந்து விளம்பரம் அனுப்பி யாராவது புகார் கொடுத்தால் இணைப்பையே துண்டிக்க முடியும், கிளினிக் கார்டிலும் போர்டிலும் அச்சடித்த எண் அதுவாக இருந்தால் எவ்வளவு சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள்.

பல்க் பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிட்டோம், அதை விட மனசில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. ஹெடர் மெசேஜின் உள்ளே இரண்டு மிஸ்டு கால் எண் கொடுக்கலாம், வருபவர்களுக்கு ஒன்று, முடியாதவர்களுக்கு ஒன்று. ஆனால் பல்க் மெசேஜ் அனுப்புபவர்கள் பதிவு செய்ய வேண்டிய டிஎல்டி தளத்தில் நீங்கள் பதிவு செய்த டெம்ப்ளேட்டும் அனுப்பும் வாசகமும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போக வேண்டும், மாறும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்து வைத்திருப்பார்கள், அந்த ஒவ்வொரு இடத்துக்கும் எழுத்து வரம்பு உண்டு. 2024 அக்டோபரில் இருந்து மெசேஜுக்குள் வரும் லிங்க்கையும் திரும்ப அழைக்கும் எண்ணையும் முன்கூட்டியே அங்கே பதிவு செய்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெசேஜ் வழியிலேயே நின்றுவிடும், உங்களுக்கு யாரும் வந்து சொல்லவும் மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அது சரி. டேபிளில் ஒரே ஆள் இருக்கும் இடத்தில் இரண்டு எண்ணையும் பார்த்து, எந்த எண்ணில் இருந்து யார் கூப்பிட்டார் என்று பட்டியலில் தேடி, அதற்குள் எதிரில் ஒருவர் பில் கேட்டு நிற்பார். நான் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

சரி, இப்போது மெசேஜ்.

நீங்கள் அனுப்புவதில் யாருக்கு என்று இல்லை, எந்த கிளினிக் என்று இல்லை, என்ன தேதி என்று இல்லை. ஒரு நோயாளிக்கு இதே வாரத்தில் கண் டாக்டரிடமும் நேரம் இருக்கலாம், ஸ்கேன் சென்டரில் இருந்தும் இதே மாதிரி "அன்புள்ள வாடிக்கையாளரே" வந்திருக்கும். இத்தனையும் இல்லாமலே அந்த மெசேஜ் 143 எழுத்து. அதில் "அன்புள்ள வாடிக்கையாளரே," மட்டும் 23, "அப்பாயின்ட்மென்ட்" 17. இந்தக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் மெசேஜ் எழுதுவது பாதி சுலபம், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் இடம் 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 160 எழுத்து வரை அதில் அடங்கும். தமிழ் எழுத்துக்கு ஒன்றுக்கு இரண்டு பைட், அதனால் 70தான். எழுபதைத் தாண்டினால் மெசேஜைப் பாகம் பாகமாகப் பிரித்து அனுப்பும், பாகங்களை ஒட்டிக் காட்டுவதற்கு ஒரு சின்னக் குறிப்பும் ஒவ்வொரு பாகத்திலும் போவதால் அப்போது பாகத்துக்கு 67தான் மிஞ்சும். இரண்டு பாகம் என்றால் 134, மூன்று பாகம் என்றால் 201. உங்களுடைய 143 மூன்று பாகம், மூன்றுக்குமான காசு. காசு கூடப் பெரிதில்லை. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் ஒரு பாகம் வந்து இன்னொரு பாகம் தங்கிவிட்டால், சில போன்கள் மற்ற பாகமும் வரும் வரை எதையுமே காட்டாது, சில பழைய போன்கள் துண்டு துண்டாகக் காட்டும். "பதில் அளிக்கவும்" என்ற கடைசித் துண்டு முதலில் வந்து நின்றால் வாங்கியவருக்கு என்ன புரியும்?

எழுத்து என்று நான் சொல்வது நாம் எண்ணுகிற எழுத்து அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். "முருகன்" என்று எழுதினால் நம் கண்ணுக்கு மு, ரு, க, ன் என்று நான்கு. போன் ம-வைத் தனியாக, உகரக் கொக்கியைத் தனியாக, புள்ளியைத் தனியாக எண்ணும், அதன்படி ஏழு. அதனால் தாளில் எழுதி எண்ணாதீர்கள். போனில் மெசேஜ் எழுதும்போது அனுப்பும் பட்டன் பக்கத்தில் மிச்ச எழுத்து எண்ணிக்கையும் பாகமும் காட்டும், அதைப் பாருங்கள், அதுதான் சரியான கணக்கு. உங்கள் போன் காட்டவில்லை என்றால் வேறு மெசேஜ் ஆப்பில் ஒட்டிப் பாருங்கள்.

உங்கள் மெசேஜை நான் இப்படி மாற்றுவேன்:

```
முருகன், 14-10 செவ்வாய் காலை 10.30க்கு 5 ரோடு பல் கிளினிக் வருகிறீர்களா? வருவதானால் 1, முடியாவிட்டால் 2 அனுப்புங்கள்.
```

இது 117. பெயர், தேதி, கிழமை, நேரம், இடம், எப்படிப் பதில் சொல்வது எல்லாம் வந்துவிட்டது, இன்னும் 17 மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சம் பெயர்களுக்காக. "கிருஷ்ணவேணி அம்மா" என்று வந்தால் பெயருக்கே 17 ஆகும், அப்போதும் மொத்தம் 127, இரண்டு பாகத்துக்குள் நிற்கும். நான் வேண்டுமென்றே செவ்வாயை எடுத்தேன், கிழமைகளில் செவ்வாய்தான் நீளம், எட்டு. அது அடங்கினால் மற்ற கிழமைகளும் அடங்கும்.

இதை இன்னும் நசுக்கி எழுபதுக்குள் கொண்டுவர முடியும். "14-10 செவ்வாய் காலை 10.30 பல் கிளினிக். வருவீர்களா? 1 ஆம், 2 இல்லை" என்றால் 66தான். ஆனால் பெயர் போய்விட்டது, எந்த பல் கிளினிக் என்பது போய்விட்டது, 1, 2 என்பதை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பதும் போய்விட்டது. அறுபது வயதுக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ கம்பெனி ஓட்டெடுப்பு என்று அழித்துவிடுவார். இரண்டாவது பாகத்துக்கு ஆகும் காசுக்கு இந்தத் தெளிவு வேண்டும், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் 160க்குள் அடங்குமே என்று சிலர் கேட்பார்கள். வாலிபப் பையன்களுக்கு அது பழக்கம். குகையிலும் அம்மாபேட்டையிலும் தறி வைத்திருக்கும் பெரியவருக்கு அது தமிழும் இல்லை ஆங்கிலமும் இல்லை. தமிழிலேயே அனுப்புங்கள். ரொம்பப் பழைய பட்டன் போனில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், அந்த மாதிரி ஆட்களையும் படிக்கத் தெரியாதவர்களையும் முதல் முறை வரும்போதே கேட்டு, பட்டியலில் "கூப்பிட" என்று குறித்து வைத்துவிடுங்கள், அவர்களுக்கு மெசேஜே வேண்டாம்.

அடுத்தது, நான் கேள்வியாக எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "தவறாமல் வரவும்" என்று எழுதிவிட்டு அதே மெசேஜில் "ரத்து செய்ய பதில் அளிக்கவும்" என்று கேட்டால் யார் ரத்து செய்வார்கள்? நம் பக்கம் டாக்டரிடம் "வரலை" என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் படும். வர முடியாதவர் முடியாது என்று சொல்ல மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார், அப்புறம் சங்கடத்தில் அடுத்த மாதமும் வர மாட்டார். அதனால் முடியாது என்பதும் வருகிறேன் என்பதைப் போலவே சுலபமாகவும் சாதாரணமாகவும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வரியில், ஒரே ஒரு எண். "ரத்து" என்ற சொல்லையே நான் எடுத்துவிட்டேன், "முடியாவிட்டால்" என்பதில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. காரணமும் கேட்காதீர்கள். வயதானவர்களுக்குப் பெயரோடு ஐயா, அம்மா சேர்த்தால் நல்லது. வெறும் "முருகன்," என்று தொடங்கினால் எழுபது வயதுக்காரருக்குச் சுருக்கென்று இருக்கும். "ஐயா" மூன்றெழுத்துதான், இடைவெளியோடு நான்கு, இடம் இருக்கிறது.

என்ன சிகிச்சை என்று எழுதாதீர்கள், பாக்கி எவ்வளவு என்றும் எழுதாதீர்கள். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர் போனை டேபிள் மேல் வைத்துவிட்டுப் போயிருப்பார், மெசேஜ் வந்தால் திரையில் எல்லோருக்கும் தெரியும். நிறைய வீட்டில் நீங்கள் வைத்திருக்கும் நம்பர் நோயாளியுடையதே இல்லை, திருப்பூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். பல் செட்டு கட்டப் போகிறார் என்பதை அம்மா மருமகளிடம் சொல்லாமல் இருக்கலாம், அது அவர் இஷ்டம். "பல் கிளினிக்" என்பது கூட வேண்டாம் என்று சொல்பவருக்கு உங்கள் கிளினிக் பெயரை மட்டும் போட்டு அனுப்புங்கள். சாப்பிட்டுவிட்டு வர வேண்டும், எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிய வேண்டும் என்பதெல்லாம் இந்த மெசேஜில் சேர்க்க வேண்டாம், 1 என்று பதில் வந்த பிறகு தேவைப்படுபவருக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.

"நாளை" என்ற சொல்லை விட்டுவிடுங்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியது உங்கள் ஏற்காடு ஆட்களுக்காக. நாகலூர், செம்மநத்தம் பக்கம் எஸ்டேட்டுக்குள் வேலை செய்பவருக்கு நாள் முழுக்க சிக்னல் இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் திங்கள் ராத்திரி அனுப்பியது அவர் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்த செவ்வாய் காலையில்தான் போனில் விழும், "நாளை" என்று படித்துவிட்டு புதன்கிழமை பஸ் ஏறி இறங்கி உங்கள் முன்னால் நிற்பார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரிடம் உங்கள் நேரம் நேற்று என்று சொல்வது எவ்வளவு கொடுமை. தேதியும் கிழமையும் இரண்டும் வேண்டும். கிழமையை வைத்துத்தான் நம் ஆட்கள் நாளை நினைவில் வைப்பார்கள், தேதியை வைத்து எந்தச் செவ்வாய் என்று தெரியும். எழுதும்போது இரண்டும் பொருந்துகிறதா என்று காலண்டரைப் பார்த்துவிடுங்கள், பொருந்தாவிட்டால் அவர் ஒன்றைப் பிடித்துக்கொள்வார், நீங்கள் இன்னொன்றில் இருப்பீர்கள்.

முந்தின நாள் ராத்திரி அனுப்புவதும் வேலைக்கு ஆகாது. ராத்திரி ஒன்பதுக்கு 2 என்று பதில் வந்தாலும் காலை 10.30க்கு வேறு ஆளை எங்கே தேடுவீர்கள்? இரண்டு நாள் முன்பு மாலை ஆறு மணி வாக்கில் அனுப்புங்கள், வேலை முடிந்து போனைப் பார்க்கும் நேரம் அது, எஸ்டேட் ஆட்களும் கீழே கடைவீதிப் பக்கம் வந்திருப்பார்கள். செவ்வாய் நேரத்துக்கு ஞாயிறு மாலை. ஞாயிறு கிளினிக் மூடியிருந்தால் சனிக்கிழமை மாலையே செவ்வாய்க்காரர்களுக்கும் திங்கள்காரர்களுக்கும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

இனி பதில் வந்ததும் என்ன செய்வது என்பது. அந்த 14-10 செவ்வாயையே வைத்து ஒரு நாளைப் பார்ப்போம், காலையில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கிளினிக் மூடல் என்பதால் சனி மாலையே ஆறு பேருக்கும் அனுப்பிவிட்டீர்கள். முதல் ஆள் "1" என்று போடுகிறார், முடிந்தது. இரண்டாவது ஆள் "சரிங்க" என்கிறார். இது வருகிறேன் என்பதா, மெசேஜைப் பார்த்தேன் என்பதா? பெரும்பாலும் வருகிறேன்தான், பட்டியலில் அப்படியே குறியுங்கள், ஆனால் அது பெரிய வேலை, ஒரு மணி நேரம் சேரில் உட்கார வேண்டியவர் என்றால் ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். மூன்றாவது ஆள் "1 மணிக்கு வரலாமா" என்கிறார். நான்காவது ஆள் "2 பேர் வருவோம்" என்கிறார். இந்த இரண்டையும் பார்த்துத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது, பதில் வெறும் 1 அல்லது வெறும் 2 என்று மட்டும் இருந்தால்தான் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், பக்கத்தில் இன்னொரு சொல் இருந்தாலும் ஒரு ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். பின்னால் சாஃப்ட்வேர் போட்டு பதிலைத் தானாகப் பிரிக்கிறவர்கள் "1 இருக்கிறதா, உறுதி" என்று வைத்துவிடுகிறார்கள், ஒரு மணிக்கு வரலாமா என்று கேட்டவரை 10.30க்கு உறுதி செய்துவிடும் அது. இரண்டு பேர் வருவோம் என்று சந்தோஷமாகச் சொன்னவரின் நேரத்தைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிடும்.

ஐந்தாவது ஆள் முதலில் 1 போட்டு, ஞாயிறு ராத்திரி 2 போடுகிறார். கடைசியாக வந்ததுதான் கணக்கு. ஆறாவது எண் அம்மா, மகள் இரண்டு பேருக்கும் பொதுவானது, இரண்டு பேருக்கும் அன்று நேரம் இருக்கிறது, பதில் ஒரே ஒரு "1". யாருக்கு? இப்படி ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு மெசேஜ் அனுப்பாதீர்கள், இரண்டு பெயரையும் ஒரே மெசேஜில் போட்டு, "இருவரும் வருகிறீர்களா?" என்று கேளுங்கள். "கிருஷ்ணவேணி அம்மா, செல்வி," என்று பெயர் நீண்டால் மூன்றாவது பாகத்துக்குப் போய்விடலாம், பரவாயில்லை, குழப்பத்தைவிட அது மேல்.

1 போட்டவருக்கும் 2 போட்டவருக்கும் ஒரு பதில் கட்டாயம் திரும்பப் போக வேண்டும். போகாவிட்டால் "போச்சோ போகலையோ" என்று இன்னொரு முறை அனுப்புவார்கள், அல்லது காலையில் கூப்பிடுவார்கள். இந்த இரண்டையும் எழுபதுக்குள் அடக்கலாம்:

```
சரி, உங்கள் நேரம் உறுதி. செவ்வாய் காலை 10.30.
```

```
செவ்வாய் நேரம் ரத்து. வேறு நாளுக்கு இதே எண்ணில் கூப்பிடுங்கள்.
```

முதலாவது 45, இரண்டாவது 62, இரண்டும் ஒரே பாகம். இங்கே "ரத்து" என்று போட்டது தெரிந்துதான், அவர் முடிவு சொல்லியாகிவிட்டது, இனி அவருக்குச் சந்தேகம் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சுருக்கச் சொல்லாக இதைப் பதிந்து வைத்தால் இரண்டு எழுத்து தட்டினால் முழு வரியும் வந்துவிடும், கிழமையையும் நேரத்தையும் மட்டும் மாற்றினால் போதும்.

பதிலே வராதவர்களை என்ன செய்வது என்பதில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பதில் இல்லை என்றால் வரவில்லை என்று எடுத்து நேரத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. ரீசார்ஜ் காலம் முடிந்துபோன போனில் கொஞ்ச நாள் உள்ளே வருவது மட்டும் வரும், வெளியே போகாது. அவர் மெசேஜைப் படிப்பார், 1 தட்டுவார், போகாது. விலை குறைந்த பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாதவருக்கும் இதே நிலைதான். மாதக் கடைசியில் கூலி வேலைக்காரர்களிடம் இது சாதாரணம். அதனால் திங்கள் மதியம் பன்னிரண்டு மணிக்குப் பட்டியலை எடுங்கள், பதில் வராதவர்களை நீங்களே கூப்பிடுங்கள். ஆறு பேரில் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள், ஐந்து நிமிட வேலை. எடுக்கவில்லை என்றால் மாலையில் இன்னொரு முறை. அப்போதும் கிடைக்காதவர் நேரத்தைக் காலி செய்யாதீர்கள், அதே நேரத்துக்கு "கூப்பிட்டால் உடனே வருகிறேன்" என்று சொன்ன பக்கத்துத் தெரு ஆள் ஒருவரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2 வந்த நேரங்களுக்கும் முதலில் கூப்பிட வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். சீக்கிரம் நேரம் கிடைத்தால் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களின் பெயரை அப்போதே எழுதி வையுங்கள், அந்தப் பட்டியல் இல்லாவிட்டால் இரண்டு நாள் முன்பே 2 வந்தும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பல் கிளினிக்குக்கென்றே ஒரு விஷயம். வேர் சிகிச்சை பாதியில் இருப்பவர், தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பியிருப்பவர், 2 என்று பதில் போட்டால் அந்த "நேரம் ரத்து" மெசேஜை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வலி நின்றுவிட்டதால்தான் அவர் வர வேண்டாம் என்று நினைக்கிறார். அந்த அடைப்பு கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும், தேய்ந்தோ உடைந்தோ உள்ளே எச்சில் இறங்க ஆரம்பித்தால் சுத்தம் செய்த வேர் மறுபடி கெட்டுப்போகும், மறுபடி வீங்கிக்கொண்டு வரும்போது பல்லையே எடுக்க வேண்டி வரலாம். அதனால் பட்டியலில் அப்படிப்பட்டவர்கள் பெயருக்கு முன்னால் அக்காவிடம் கேட்டு ஒரு நட்சத்திரம் போட்டு வையுங்கள். நட்சத்திரம் போட்டவர் 2 அனுப்பினால் அன்றைக்கே கூப்பிட்டு வேறு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனை வைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வருபவர் 2 போட்டால் நிதானமாக அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு "2"க்கும் எழுத்து ஒன்றுதான், ஆனால் டேபிளில் இருக்கும் நீங்கள் வேறு வேறாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்பீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அதே கிளினிக் எண்ணில் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது, இதே வாசகம், எழுத்துக் கணக்குத் தொல்லை இல்லை, நீல டிக் வந்தால் பார்த்துவிட்டார் என்றும் தெரியும். தட்டினால் பதில் போகும் பட்டன் வேண்டுமென்றால் அதற்குக் கம்பெனிகள் வழியாக வரும் கட்டண சேவைக்குத்தான் போக வேண்டும், உங்கள் அளவுக்கு இப்போது வேண்டாம், 1, 2 போதும். நோயாளிகளை ஒரு குரூப்பில் போட்டு எல்லோருக்கும் சேர்த்து நினைவூட்டுவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள், யார் யார் உங்களிடம் சிகிச்சைக்கு வருகிறார்கள், அவர்கள் நம்பர் என்ன என்பது ஊருக்கே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் இரண்டாவது டிக் வராமலே நின்றால் பெரும்பாலும் அவர் நெட் போடவில்லை என்று அர்த்தம், மறுநாள் காலை அதே மெசேஜை எஸ்எம்எஸ்ஸாக அனுப்புங்கள். மலை மேலே இருப்பவர்களுக்கு முதலிலேயே எஸ்எம்எஸ்தான், டேட்டா கிடைக்காத இடத்திலும் கொஞ்சம் சிக்னல் கிடைத்தால் அது போய்ச் சேர்ந்துவிடும்.

மழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், ஏற்காடு ரோட்டில் பாறை சரிந்து வண்டி நின்றுபோகும் நாள் வரும். 1 போட்டவரே அன்று காலை ஏழு மணிக்கு 2 அனுப்புவார். அதற்காகத்தான் அந்தப் போனைக் காலையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டும் என்பது, கிளினிக் பத்து மணிக்குத் திறந்தாலும் ஏழரைக்கு ஒரு முறை பார்த்துவிட்டால் மேலே இருந்து வர முடியாதவர்களின் நேரத்தை டவுனில் காத்திருப்பவருக்கு மாற்றிவிடலாம். ஏற்காடு ஆட்களுக்குக் காலை முதல் நேரத்தைக் கொடுக்காமல் பதினொன்றரைக்கு மேல் கொடுத்தால் இன்னும் நல்லது, பஸ் தாமதமானாலும் அடுத்தவர் நேரத்தில் இடிக்காது.

இந்த வாரம் பல்க் மெசேஜை நிறுத்திவிட்டு கிளினிக் எண்ணில் இருந்து இதை அனுப்பிப் பாருங்கள். முதல் தடவை அனுப்பும்போது அந்த எண் யாருடையது என்று பலருக்குத் தெரியாது, அதனால் இன்று முதல் கிளினிக்குக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கிளம்பும்போது, "இந்த நம்பரை 5 ரோடு பல் கிளினிக் என்று பதிஞ்சு வெச்சுக்கோங்க, இதிலிருந்துதான் மெசேஜ் வரும், 1 இல்லைன்னா 2 போட்டா போதும்" என்று சொல்லி, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பதிய வைத்து அனுப்புங்கள்.